கிட்ஹப்பிலும் சீவியிலும் ஒரே பெயர்: புரோகிராமரின் ஹேண்டில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹேண்டில் எண்டால் என்ன? யூசர்நேம் எண்டு சொல்லுறதும் அதுவும் ஒண்டுதானோ?

கணக்குத் தொடங்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே நுழையக் கொடுக்கிற அந்தப் பெயரே வெளியாட்கள் உங்களைத் தேடிவரும் முகவரியாகவும் ஆகும்போது அதை ஹேண்டில் என்கிறோம். வங்கியின் இணையக் கணக்குக்கு வைத்த யூசர்நேமை யாரும் பார்க்கப் போவதில்லை. கிட்ஹப்பில் வைக்கிற பெயர் அப்படியில்லை. `github.com/` என்பதன் பின்னால் வந்து நிற்கும், போர்ட்ஃபோலியோவுக்குக் கிடைக்கிற இலவச முகவரியில் `.github.io` என்பதன் முன்னாலும் அதுவே வரும், அப்புறம் சீவியின் முதல் பக்கத்தில் போன் நம்பருக்குப் பக்கத்தில் அச்சாகும்.

கம்பஸ் இறுதியாண்டுப் பிள்ளைகளின் சீவிகளைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பது என் வழக்கம். ப்ராஜெக்ட் பற்றி வரும் சந்தேகங்களைவிட இந்த ஒரு வரியைப் பற்றிய சந்தேகங்களே கூடுதலாக வருகின்றன. அதனால்தான் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சொந்தப் பேரைத்தான் வைக்கோணுமோ? codeninja மாதிரி ஒண்டு வச்சா ஸ்டைலா இருக்குமே.

வேலை தேடுவதற்கான கணக்கு என்றால் சொந்தப் பெயரையே வையுங்கள். சீவியைப் பார்ப்பவர் உங்கள் லிங்கைத் திறந்து வேறு ஒரு டேப்பில் விட்டுவிட்டு அடுத்த சீவிக்குப் போவார். திரும்பி வரும்போது அவர் கண்ணில் படுவது ஹேண்டில் மட்டும்தான். கொமிட் பட்டியலிலும், புல் ரிக்வெஸ்டிலும், டவுன்லோட் செய்த ரெப்போவின் முகவரியிலும் உங்கள் முழுப்பெயர் வராது, ஹேண்டில்தான் வரும். அதைப் பார்த்ததும் இன்னாருடையது என்று சீவியின் தலைப்போடு பொருத்திப் பார்க்க முடிய வேண்டும்.

ஸ்டைலான சொற்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உங்களுக்குத் தோன்றியது உங்களுக்கு முன்பே பலருக்குத் தோன்றியிருக்கும், எல்லாம் எடுபட்டுவிட்டன. கடைசியில் நம்பர் சேர்த்து codeninja9402 என்று முடியும். ஏற்கெனவே ஒரு புனைபெயரில் பேக்கேஜ் எழுதி, அந்தப் பெயரால் உங்களை நாலு பேருக்குத் தெரியும் என்றால் மட்டும் அதை மாற்ற வேண்டாம்.

சேர்ட்டிஃபிக்கெட்டில அப்பாவின்ர பேர் முதலும் என்ர பேர் பிறகும் வருது. எதை எடுக்கிறது?

உங்கள் பெயரை எடுங்கள். உதாரணத்துக்கு நான் ஒரு பெயரை அமைக்கிறேன்: சிவநாதன் துவாரகன். பரீட்சைச் சான்றிதழில் Sivanathan Thuvarakan என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்ததும் ஆள் துவாரகன் என்று யாருக்கும் விளங்கும். வெளிநாட்டுக் கொம்பனியில் சீவியைப் பார்ப்பவரோ முதலில் வருவதுதான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'ஹலோ சிவநாதன்' என்று ஈமெயில் போடுவார். அப்பாவைத்தான் அழைக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

ஹேண்டில் thuvarakan என்று இருந்தால் அந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும், எந்தப் பெயரால் அழைப்பது என்பதை அதுவே சொல்லிவிடும். சீவியின் தலைப்பையும் Thuvarakan Sivanathan என்று அதே ஒழுங்கில் போடுங்கள். சான்றிதழில் பெயர் வேறு ஒழுங்கில் இருப்பதை விண்ணப்பப் படிவம் கேட்கும் இடத்தில் மட்டும் எழுதினால் போதும்.

கலியாணத்துக்குப் பிறகு இனிஷலை மாற்றப் போகிற பெண் பிள்ளைகளுக்கும் இதுவே பதில். அப்பாவின் பெயரோ இனிஷலோ ஹேண்டிலில் இல்லையென்றால் பின்னால் மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

என்ர பேரை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி எழுதுறாங்கள். எந்த ஸ்பெல்லிங் சரி?

பாஸ்போர்ட்டிலும் அடையாள அட்டையிலும் எது இருக்கிறதோ அது. துவாரகனை Thuvarakan, Thuvaragan, Dwarakan என்று மூன்று விதமாகவும் எழுதலாம், மூன்றும் பிழையில்லை. ஆனால் சீவியில் ஒன்று, லிங்க்ட்இன்னில் ஒன்று, கிட்ஹப்பில் ஒன்று என்று இருந்தால் தேடுபவருக்கு மூன்று ஆட்கள் போலத் தெரியும்.

நடைமுறையில் சிக்கல் வருவது போனில்தான். நாங்கள் 'துவாரகன்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ககரம் மெலிந்து ஒலிக்கும். கொழும்பிலிருந்து பேசுபவர் அதை g என்று எழுதிக்கொள்வார். முதல் எழுத்தை th என்றும் எழுதுவார், d என்றும் எழுதுவார். ஆகவே தெரிவு செய்யுமுன் ஒரு சோதனை செய்யுங்கள்: உங்கள் பெயரை எழுதிப் பழகாத ஒருவருக்குப் போனில் சொல்லி, கேட்டதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பிழைக்கிறார் என்று தெரிந்துவிடும். அதற்காக ஸ்பெல்லிங்கை மாற்ற வேண்டாம், அந்த எழுத்தை மட்டும் அழுத்திச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஹேண்டிலைக் காதால் கேட்டு எழுதுபவரைவிடப் பார்த்து எழுதுபவரே அதிகம்.

என்ர பேர் ஏற்கெனவே போயிட்டுது. பின்னால dev சேர்க்கிறதோ, பிறந்த வருசம் சேர்க்கிறதோ?

இரண்டுக்கும் முன்பு அப்பாவின் பெயரைச் சுருக்கிச் சேர்த்துப் பாருங்கள். துவாரகனுக்கே செய்து பார்ப்போம். thuvarakan இல்லையென்றால் முதலில் கைக்கு வருவது sthuvarakan. இதில் s, t, h மூன்றும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வாசிப்பவர் தொடக்கத்திலேயே தடுக்கி விழுவார். thuvarakans என்று s-ஐப் பின்னால் போட்டால் ஆங்கிலம் பழகிய கண்ணுக்குப் பன்மை போலத் தெரியும். thuvarakandev என்பதில் dev என்பது டெவலப்பரைக் குறிக்கிறதா, தேவ் என்ற பெயரா என்று புரியாது. எங்கள் பெயர்களில் தேவன், தேவி எல்லாம் தாராளமாக வருவதால் இந்தக் குழப்பம் எங்களுக்குக் கூடுதல். thuvarakan97 பிழையில்லை, ஆனால் வயதைச் சொல்லிவிடுகிறது. 97-ஆ 79-ஆ என்பதும் யாருக்கும் நினைவில் நிற்காது.

thuvarakansiva என்பதை நான் எடுப்பேன். மொத்தம் 14 எழுத்து, இரண்டு பெயரும் எங்கே பிரிகின்றன என்பது தெளிவு, சீவியின் தலைப்பில் இருக்கும் ஒழுங்கும் அதுவே. 14 என்று எண்ணிப் பார்த்ததற்குக் காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

இனிஷல் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெயரும் இனிஷலும் ஒட்டியதும் வேறு சொல்லாகிவிடக் கூடாது. anu என்ற பெயரோடு s சேர்ந்தால் ஆங்கிலத்தில் மலவாயின் பெயராகிவிடும். இது எங்கள் பெயர்களில் உண்மையில் நடக்கக்கூடியது, பிள்ளைகள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சேர்த்து எழுதியதை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

நடுவில கோடு போடலாமோ? அண்டர்ஸ்கோர்? புள்ளி?

எல்லா இடத்திலும் செல்லுபடியாவது ஆங்கிலச் சிறிய எழுத்தும் இலக்கமும் மட்டும்தான். கிட்ஹப் எழுத்து, இலக்கம், நடுவில் ஒற்றைக் கோடு இவற்றை மட்டும் ஏற்கும். கோட்டில் தொடங்கவோ முடியவோ ஏலாது, இரண்டு கோடு அடுத்தடுத்து வரவும் ஏலாது, மொத்தம் 39 எழுத்துக்கு மேல் போகவும் ஏலாது. அண்டர்ஸ்கோரும் புள்ளியும் அங்கே இல்லை. எக்ஸ் தளம் இதற்கு நேர்மாறு: அண்டர்ஸ்கோர் உண்டு, கோடு இல்லை, 15 எழுத்துத்தான். டொமைன் பெயரில் கோடு வரலாம், அண்டர்ஸ்கோர் வராது.

ஆகவே கோடும் கீறும் இல்லாமல் 15 எழுத்துக்குள் முடித்தால் ஒரே பெயரை எங்கும் வைத்துக்கொள்ளலாம். thuvarakan-s என்று வைத்தால் கிட்ஹப்பில் சரி, எக்ஸில் thuvarakan_s ஆகிவிடும். அதன்பிறகு எங்கே எது என்று உங்களுக்கே குழம்பும்.

பெரிய எழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கிட்ஹப்பும் டொமைனும் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே எடுக்கும். ThuvarakanSiva என்று பதிந்தால் பக்கத்தில் அப்படியே தெரியும், ஆனால் `.github.io` முகவரியில் எல்லாம் சிறிய எழுத்தாகத்தான் வரும். பெரிய எழுத்து இருந்தால்தான் வாசிக்க முடியும் என்ற பெயரை அதனால் எடுக்க வேண்டாம்.

ஸ்கிரீனில வடிவாத்தான் கிடக்கு. சீவியில பிரிண்ட் எடுத்தா வேற மாதிரித் தெரியுது. ஏன்?

எழுத்துருதான் காரணம். கர்ணன் என்ற பெயரை karnan என்று 10 பொயின்ட் அளவில், கலிப்ரி போன்ற எழுத்துருவில் அச்சிட்டுக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். r, n இரண்டும் ஒட்டி m போலாகி kaman என்று தெரியும். அதேபோல் சிறிய l-உம் இலக்கம் 1-உம், பெரிய O-உம் சைபரும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். nila1 என்று ஒரு ஹேண்டில் இருந்தால் கடைசியில் இருப்பது எழுத்தா இலக்கமா என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பெயரை மாற்ற முடியாது, கர்ணன் கர்ணன்தான். அப்படியானால் லிங்க் வரியை மட்டும் கொஞ்சம் பெரிதாக, கொன்சோலாஸ் போல எல்லா எழுத்தும் சம அகலத்தில் வரும் எழுத்துருவில் போடுங்கள். அங்கே rn பிரிந்து நிற்கும்.

வேர்டில் லிங்க் போட்டால் அடிக்கோடு தானாக வரும், அதில் அண்டர்ஸ்கோர் மறைந்துபோகும். நடுவில் கோடு இருக்கிற முகவரி வரி முடிவில் வந்தால், வேர்ட் அந்தக் கோட்டிலேயே உடைத்து மிச்சத்தை அடுத்த வரியில் போடும். பார்ப்பவருக்கு அது முகவரியில் உள்ள கோடா, சொல் உடைந்ததால் வந்த கோடா என்று தெரியாது. முந்திய கேள்வியில் கோட்டை வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்னால் வரும் `https://www.` எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அச்சில் `github.com/thuvarakansiva` என்று இருந்தால் போதும், பிடிஎஃபில் அமத்தினால் திறக்கிற லிங்க் உள்ளே இருக்கட்டும். லிங்க்ட்இன் தானாகக் கொடுக்கிற முகவரியின் வாலில் பொருளில்லாத எழுத்தும் இலக்கமும் தொங்கும். ப்ரொஃபைல் அமைப்பில் அதை மாற்றலாம், மாற்றிவிட்டு அதே ஹேண்டிலைப் போடுங்கள்.

jaffna இல்லாட்டி yarl எண்டு சேர்த்தா நல்லதோ?

குழுவாகச் செய்யும் ப்ராஜெக்டுக்கு நல்லது, தனியாளின் சீவிக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். ஊர்ப் பெயர் சேர்ந்த ஹேண்டில் ஒரு கடையோ அமைப்போ போலத் தெரிகிறது. யாழ் என்பதை நாங்கள் yarl என்று எழுதுகிறோம், தமிழ்நாட்டுக்காரர் yazh என்று எழுதுவார். போனில் சொல்லும்போது ஸ்பெல்லிங் பிழைக்க இன்னொரு இடமும் சேர்ந்துவிடும். ஊரைச் சொல்ல வேண்டுமென்றால் கிட்ஹப் ப்ரொஃபைலில் இடம் என்ற பகுதி இருக்கிறது, அங்கே யாழ்ப்பாணம் என்று போடலாம்.

தமிழ் எழுத்திலயே வைக்க ஏலாதோ?

கிட்ஹப் ஹேண்டிலில் ஏலாது. காட்டப்படும் பெயரைத் தமிழில் போடலாம், 'துவாரகன் சிவநாதன்' என்று எழுதினால் அப்படியே தெரியும், எனக்கு அது பிடிக்கும். டொமைனில் தமிழ் எழுத்து வரும். எங்கள் நாட்டுக்கு `.lk` போலவே `.இலங்கை` என்ற தமிழ் முடிவும் இருக்கிறது. ஆனால் உள்ளே அது ஆங்கில எழுத்தாக மாற்றித்தான் சேமிக்கப்படும். `.இலங்கை` என்பதன் உள்வடிவம் `.xn--xkc2al3hye2a`. ப்ரௌசரிலிருந்து பிரதி எடுத்துச் சீவியில் ஒட்டும்போது பல தடவை இந்த வடிவம்தான் வந்து விழும். தமிழ் கீபோர்ட் இல்லாதவரால் தட்டவும் முடியாது. தமிழ் வாசகருக்கான உங்கள் தளத்துக்கு வையுங்கள், சீவிக்கு ஆங்கில முகவரியைக் கொடுங்கள்.

காசு குடுத்து டொமைன் வாங்கோணுமோ, github.io காணுமோ?

முதல் வேலை தேடும்போது `github.io` தாராளமாகக் காணும். ஹேண்டில் பெயரிலேயே ஒரு ரெப்போ திறக்க வேண்டும். `thuvarakansiva.github.io` என்பதே ரெப்போவின் பெயர், அதில் போடும் பக்கம் அதே முகவரியில் வெளிவரும்.

டொமைன் வாங்கினால் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் விட்டுவிட்டால் வேறு யாரும் அதை வாங்கலாம், நீங்கள் முன்பு அனுப்பிய சீவிகளெல்லாம் அவருடைய பக்கத்துக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும். தொடர்ந்து கட்டுவேன் என்ற நிச்சயம் இருந்தால் வாங்குங்கள், கிட்ஹப் ஹேண்டிலை மாற்றினாலும் முகவரி மாறாது என்பது பெரிய வசதி. `.dev` எடுத்தால் அது HTTPS இல்லாமல் ப்ரௌசரில் திறக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏஎல் படிக்கேக்க வச்ச பேர் ஒண்டு கிட்ஹப்பில கிடக்கு, வெக்கமாக் கிடக்கு. மாத்தினா என்ன உடையும்?

மாற்றலாம். Settings போய், Account பகுதியில் Change username. ரெப்போக்களின் பழைய லிங்குகள் புதிய இடத்துக்குத் தானாகத் திருப்பிவிடப்படும், பழைய முகவரியில் கிளோன் செய்ததும் வேலை செய்யும். ஆனால் பழைய ப்ரொஃபைல் பக்கம் 404 காட்டும், ஜிஸ்ட் லிங்குகளும் அப்படியே. சீவியில் இருப்பது ப்ரொஃபைல் லிங்க்தான் என்பதால் முன்பு அனுப்பிய சீவிகள் எல்லாவற்றிலும் அது செத்துவிடும். விண்ணப்பம் போட்டுவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருக்கிற நேரத்தில் மாற்றாதீர்கள்.

`.github.io` முகவரி திருப்பிவிடப்படாது. ரெப்போவின் பெயரையும் நீங்களே புதிய ஹேண்டிலுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் போர்ட்ஃபோலியோ அந்த முகவரியில் வராது. ரீட்மீ கோப்புகளிலும் போர்ட்ஃபோலியோவின் உள்ளேயும் பழைய பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு ரெப்போவிலும் தேடிவிட்டு, ரிமோட்டையும் மாற்றுங்கள்:

```
git grep -n "oldname"
git remote set-url origin https://github.com/newname/repo.git
```

என்பிஎம்மில் இந்த வசதி இல்லை. அங்கே யூசர்நேமை மாற்ற ஏலாது, புதுக் கணக்குத்தான் திறக்க வேண்டும். அங்கே கணக்குத் தொடங்குமுன் ஹேண்டிலை முடிவு செய்துவிடுங்கள்.

மாத்தினாப் பிறகு பழைய கொமிட்டெல்லாம் என்ர பேரில இருக்குமோ?

பெரும்பாலும் இருக்கும். கொமிட் யாருடையது என்பதைக் கிட்ஹப் அதில் உள்ள ஈமெயிலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது, ஹேண்டிலை வைத்து அல்ல. விதிவிலக்கு ஒன்று: ஈமெயிலை மறைக்கக் கிட்ஹப் தருகிற noreply முகவரி. 2017 ஜூலை 18-க்கு முன் திறந்த கணக்குகளுக்கு அது `oldname@users.noreply.github.com` என்று ஹேண்டிலோடு மட்டும் இருக்கலாம், பெயர் மாறினால் அந்தக் கொமிட்டுகள் உங்களிடமிருந்து பிரிந்துவிடும். பிறகு வந்த கணக்குகளில் முன்னால் ஒரு இலக்கமும் கூட்டல் குறியும் இருக்கும், அவற்றுக்குப் பயமில்லை. உங்கள் ரெப்போவில் என்ன இருக்கிறது என்று இப்படிப் பார்க்கலாம்:

```
git log --format='%an <%ae>' | sort | uniq -c
```

கம்பஸ் லாபில் செய்த வேலைகளில் வேறு ஈமெயில் கிடந்தால், அது உங்களுடைய உண்மையான முகவரியாக இருக்கும்வரை Settings-இல் Emails பகுதியில் அதையும் சேர்த்து உறுதிப்படுத்துங்கள். பழைய கொமிட்டுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். லாப் கணினியின் பெயரால் தானாக உருவான போலி ஈமெயில் என்றால் உறுதிப்படுத்த வழியில்லை.

நான் விட்ட பழைய பேரை வேற ஆரும் எடுத்தா? அதைப் பிடிச்சு வைக்க இன்னொரு கணக்குத் திறக்கட்டோ?

எடுக்கலாம். விட்டவுடன் அந்தப் பெயர் பொதுவாக எவருக்கும் திறந்துவிடும். எடுத்தவர் உங்கள் பழைய ரெப்போவின் பெயரிலேயே ஒன்றைத் திறந்தால், திருப்பிவிடுதல் நின்று ஆட்கள் அவருடைய ரெப்போவுக்குப் போவார்கள். இன்னொரு இலவசக் கணக்குத் திறந்து பிடித்து வைப்பது பலர் சொல்லும் வழி. ஒரு ஆளுக்கு ஒரு இலவசக் கணக்குத்தான் என்பது கிட்ஹப்பின் விதி, அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். திருப்பிவிடுதலை நம்பி இருக்காமல் பழைய லிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் வழி.

சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் இன்னுமொரு இடத்தைப் பார்க்க வேண்டும். `www` முகவரிக்கு டிஎன்எஸ்ஸில் CNAME பதிவு `oldname.github.io` என்று இருக்கும், ஹேண்டிலை மாற்றினாலும் அது தானாக மாறாது. அதை `newname.github.io` என்று உடனே மாற்றுங்கள். அத்துடன் ரெப்போவின் Settings-இல் அல்ல, உங்கள் கணக்கின் Settings-இல் Pages பகுதியில் டொமைன் உங்களுடையது என்று ஒரு TXT பதிவின் மூலம் உறுதிப்படுத்தலாம். அப்படிச் செய்துவிட்டால் கிட்ஹப்பில் வேறு எவரும் அந்த டொமைனைத் தன் பக்கத்தோடு இணைக்க முடியாது.